கிளாரா வீக்கின் முதல் மேடை: 1828ஆ, 1830ஆ? பழைய நிகழ்ச்சித் தாள்களை எப்படிப் படிப்பது?

கவின்

எங்கள் பியானோ வகுப்பின் ஆண்டு விழாவில் ஒரு மாணவி கிளாரா சூமான் எழுதிய ஒரு சிறு துண்டை வாசிக்கிறாள். நிகழ்ச்சித் தாளில் அதற்கு அரைப்பக்கக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். கிளாரா முதன்முதலில் மேடையேறியது 1828 அக்டோபர் 20 என்கிறது ஒரு புத்தகம். இன்னொன்று 1830 நவம்பர் 8 என்கிறது. இரண்டுமே லைப்சிக் நகரத்தின் கெவாண்ட்ஹவுஸ் அரங்கம்தான். அப்போது அவர் கிளாரா வீக், பிறந்தது 1819 செப்டம்பர் 13. அதாவது ஒரு கணக்கில் ஒன்பது வயது, இன்னொரு கணக்கில் பதினொன்று.

எதை எழுதுவது? அறுபது ஆண்டுகளுக்கு மேல் கச்சேரி செய்தார் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதை எதை வைத்துச் சொல்கிறார்கள் என்றும் தெரிந்தால் நல்லது.

சொக்கன்

1830 என்றே எழுதுங்கள். 1828இல் நடந்தது வேறொருவருடைய கச்சேரி. கிராட்ஸ் நகரிலிருந்து வந்த கரோலின் பெர்த்தாலர் என்ற பியானோ கலைஞர் நடத்தியது. அதில் நடுவில் ஒரு உருப்படிக்குச் சிறுமி வந்து உட்கார்ந்தாள், அதுவும் தனியாக இல்லை. நம் ஊரில் வித்வான் கச்சேரியில் சீடப்பிள்ளை பின்பாட்டுப் பாடினால் அதை அவனுடைய முதல் கச்சேரி என்று கணக்கு வைப்போமா?

1830இல்தான் கிளாராவின் பெயரிலேயே தாள் அச்சானது. அச்சில் நிகழ்ச்சித் தாள் இருந்துவிட்டால் அப்புறம் வேறு சாட்சியே வேண்டாம். பத்திரிகை விமர்சனம் எழுதுகிறவர் ஆளுக்குத் தகுந்தபடி எழுதுவார். தாளில் இருப்பது இருப்பதுதான்.

ராகமாலிகா

என்னிடமும் இப்படி ஒரு தாள் இருக்கிறது. என் தாத்தா வயலின் வாசித்தவர். கும்பகோணத்தில் ஒரு சபாவில் அவர் பக்கவாத்தியமாக வாசித்த கச்சேரியின் நோட்டீஸ், நான்காக மடித்து வைத்தது, மடிப்பில் கிழிந்துவிட்டது. இதை ஸ்கேன் செய்ய எந்த அளவில் எடுக்க வேண்டும், டேப் ஒட்டலாமா என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். 1945இல் நடந்த அவருடைய முதல் கச்சேரி என்று வீட்டில் சொல்வார்கள்.

தி. மாலதி

ராகமாலிகா, கவின் கேட்டது வேறு, ஆனால் உங்கள் தாளும் இந்தப் பேச்சுக்குப் பொருந்தும். முதலில் டேப் மட்டும் ஒட்டாதீர்கள். பசை சில வருடத்தில் பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மடிப்பைப் பிரித்து ஒரு கண்ணாடிக்குக் கீழே சமமாக வைத்து, 600 டிபிஐயில் வண்ணமாகவே ஸ்கேன் எடுங்கள், பின்பக்கத்தையும் விடாமல். தாளில் தேதி எப்படிப் போட்டிருக்கிறது என்று அப்படியே எழுதி அனுப்புங்கள், பிறகு பேசலாம்.

கவினுக்கு வருகிறேன். நூலகத்தில் இசை இதழ்கள் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இரண்டு தேதியும் சரிதான், இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு விடை. 1828இல் கிளாரா வாசித்தது கல்க்பிரென்னர் எழுதிய மாறுபாடுகள். ரொசீனியின் மோசே ஓபெராவில் வரும் ஒரு அணிவகுப்பு இசையை வைத்து எழுதியது. ஒரே பியானோவில் இரண்டு பேர், நான்கு கை. கூட வாசித்தவர் எமிலி ரைஹோல்ட், கிளாராவின் அப்பா ஃபிரெட்ரிக் வீக்கிடம் படித்தவர்தான். இதைச் சீடப்பிள்ளை பின்பாட்டோடு ஒப்பிட முடியாது. நான்கு கை வாசிப்பில் பாதிப் பொறுப்பு ஒருவருடையது, ஒருவர் தடுமாறினால் இரண்டு பேரும் நிற்க வேண்டும்.

இன்னொன்று, இந்த நிகழ்ச்சிக்கு விமர்சனம் இருக்கிறது. லைப்சிக்கிலிருந்து வந்த அல்கெமைன மூசிகாலிஷ சைட்டுங் என்ற இசை வார இதழ், ஒன்பதே வயதான கிளாரா வீக்கை வாசிக்கக் கேட்டது தனி மகிழ்ச்சி, தகுதியான கைதட்டல் கிடைத்தது, அப்பாவின் பயிற்சியில் பெரிய நம்பிக்கை வைக்கலாம் என்ற பொருளில் எழுதியது. அடுத்தவர் கச்சேரியில் ஒரே ஒரு உருப்படி வாசித்த குழந்தையை விமர்சகர் பெயரோடு குறித்திருக்கிறார் என்றால், வந்து உட்கார்ந்து போனாள் என்று சொல்லிவிட முடியாது.

சொக்கன் சார், தாள் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நிகழ்ச்சித் தாள் கச்சேரிக்கு முன்னால் அச்சாவது. என்ன நடக்கப் போகிறது என்று அவர்கள் நினைத்தார்களோ அதைத்தான் அது சொல்லும். நடந்ததைச் சொல்ல நடந்த பிறகு எழுதியது ஏதாவது வேண்டும்.

கிளாராவின் வாழ்க்கையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1832 வசந்தத்தில் அப்பா அவரைப் பாரிஸுக்கு அழைத்துப்போனார். ஏப்ரல் 9ஆம் தேதி கச்சேரி, நகர மாளிகையான ஓட்டெல் தெ வீல் அரங்கில் என்று ஏற்பாடு. அதற்குள் பாரிஸில் காலரா பரவிவிட்டது, வசதி உள்ளவர்கள் ஊரைவிட்டே போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் கச்சேரி ஷ்டோப்பல் என்பவருடைய இசைப்பள்ளியின் சிறிய கூடத்துக்கு மாறிவிட்டது. முதல் அறிவிப்பை மட்டும் பார்த்து எழுதுகிறவர், பன்னிரண்டு வயதில் பாரிஸின் பெரிய அரங்கை நிறைத்தார் என்று எழுதிவிடுவார்.

சொக்கன்

பாரிஸ் விஷயம் எனக்குப் புதியது, நன்றி. ஆனால் என் அடிப்படை வாதம் நிற்கிறது. 1828இல் டிக்கெட் வாங்கியவர் ஒருவரும் கிளாராவுக்காக வாங்கவில்லை. 1830இல் அவளுக்காக வந்தார்கள், அவள் தனி ஆளாக முழுக் கச்சேரியையும் வாசித்தாள். பொது மேடை வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது.

தி. மாலதி

யாருக்காக டிக்கெட் வாங்கினார்கள் என்பது நல்ல அளவுகோல், அதை நான் மறுக்கவில்லை. தனி ஆளாக முழுக் கச்சேரி என்பதுதான் தவறு. 1830 நவம்பர் 8 நிகழ்ச்சியைப் பாருங்கள். கல்க்பிரென்னரின் ரோண்டோ, ஹெர்ட்ஸின் மாறுபாடுகள், கிளாராவே எழுதிய மாறுபாடுகள். இவற்றோடு செர்னியின் நான்கு பியானோ உருப்படி ஒன்று. நான்கு பியானோ என்றால் இன்னும் மூன்று பேர் மேடையில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் சொந்தக் கச்சேரி என்றால் அரங்கை எடுத்து, செலவை ஏற்று, பாடகர்களையும் மற்ற வாத்தியக்காரர்களையும் சேர்த்து நடத்துவது. ஒருவரே தனியாக ஒரு மாலை முழுதும் வாசிப்பது பின்னால் வந்த வழக்கம். இன்றைய ரிசைட்டல் என்ற எண்ணத்தோடு பழைய தாளைப் படித்தால் இந்தத் தவறு தானாக வந்துவிடும்.

அவரே எழுதிய மாறுபாடுகள் என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். அச்சில் வந்த அவருடைய ஓபஸ் 1 நான்கு பொலோனேஸ்கள், 1831இல் வெளியானது. 1830இல் வாசித்த அந்த மாறுபாடுகள் ஓபஸ் வரிசையிலேயே இல்லை. படைப்புப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் 1831இல்தான் இசை எழுதத் தொடங்கினார் என்று தோன்றும்.

பரணி

தேதியை நாமே சரிபார்க்க ஒரு எளிய வழி சொல்கிறேன். நான் கணினிக்காரன், இசை தெரியாது. லினக்ஸ் டெர்மினலில் இதை அடித்தேன்:

```
cal 10 1828
cal 11 1830
```

1828 அக்டோபர் 20 திங்கட்கிழமை. 1830 நவம்பர் 8ம் திங்கட்கிழமை. இதில் ஏதாவது பொருள் இருக்கிறதா, தற்செயலா?

தி. மாலதி

பொருள் இருக்கிறது பரணி. கெவாண்ட்ஹவுஸின் சந்தா கச்சேரிகள் வியாழக்கிழமை நடப்பவை. அரங்கத்தின் சொந்த வரிசை அது. வெளியூர்க் கலைஞரோ உள்ளூர்க் கலைஞரோ தன் பொறுப்பில் நடத்தும் கச்சேரி வேறு நாளில் வரும். பெர்த்தாலர் நடத்தியதும் கிளாரா நடத்தியதும் திங்கட்கிழமை என்பது இதோடு ஒத்துப்போகிறது. 1835 நவம்பர் 9ஐயும் போட்டுப் பாருங்கள். மென்டெல்சோன் நடத்த, கிளாரா தன் பியானோ கான்செர்ட்டோவை முதலில் முழுதாக வாசித்த நாள்.

பரணி

திங்கள்!

அப்படியானால் தேதியும் கிழமையும் சேர்ந்து கிடைத்தால் எந்த வகைக் கச்சேரி என்று ஊகிக்கலாம், தேதி தவறாக அச்சாகியிருந்தாலும் பிடிக்கலாம். எவ்வளவு தாள் மிச்சம் இருக்கிறது? எல்லாவற்றையும் ஒரு அட்டவணையில் ஏற்றினால் மொத்தம் எத்தனை கச்சேரி என்று சொல்லிவிடலாமே.

தி. மாலதி

கிளாராவின் கச்சேரித் தாள்கள் ஏறக்குறைய 1,300 ஒரே தொகுப்பாக இருக்கின்றன, ஸ்விக்காவ் நகரில் ராபர்ட் சூமான் இல்லத்தில். 1828 தொடங்கி 1891 வரை. கவின் கேட்ட அறுபது ஆண்டுக் கணக்கு இதிலிருந்து வருகிறது. கடைசி 1891 மார்ச் 12, ஃபிராங்க்ஃபர்ட். பிராம்ஸ் எழுதிய ஹைடன் மாறுபாடுகளை இரண்டு பியானோவில் ஜேம்ஸ் குவாஸ்ட்டோடு வாசித்தார். நீங்கள் சொன்னதுபோல அட்டவணையில் ஏற்றி ஆராய்ச்சியும் செய்திருக்கிறார்கள்.

ஆனால் 1,300 என்பது தாள்களின் எண்ணிக்கை. வீடுகளிலும் அரண்மனைகளிலும் வாசித்ததற்குத் தாள் அச்சிட மாட்டார்கள். 1830 நவம்பருக்கு முன்பே அந்த வசந்தத்தில் டிரெஸ்டனில் பிரபுக்கள் வீடுகளில் வாசித்திருக்கிறார். அது கணக்கில் வராது. மறுபுறம், அச்சான பிறகு மாறியதும் உண்டு, பாரிஸ் போல. ரசிகர்கள் கேட்டு மறுபடி வாசித்தவை தாளில் இருக்கவே இருக்காது, விமர்சனத்தில்தான் தேட வேண்டும். மொத்தம் எத்தனை என்று ஒரு எண்ணை யாராவது உறுதியாகச் சொன்னால், எதை எண்ணினீர்கள் என்று கேளுங்கள்.

கவின்

அப்பா எழுதவைத்த நாட்குறிப்பு ஒன்று இருக்கிறதாமே? கிளாராவே தன் கையால் அன்றன்று எழுதியது என்றால் அதைவிட நேரடிச் சாட்சி ஏது? 1828 பற்றி அதிலிருந்தே ஒரு வரி எடுத்துப் போடலாம் என்று பார்க்கிறேன்.

தி. மாலதி

இங்கேதான் நிதானம் வேண்டும் கவின். அந்த நாட்குறிப்பு 1827 ஜூனில் தொடங்குகிறது. நான், என் அப்பா என்று கிளாரா பேசுவதுபோலவே இருக்கும். எழுதியது பெரும்பாலும் ஃபிரெட்ரிக் வீக். மகளின் குரலில் அப்பா எழுதியது. அவர் பியானோ ஆசிரியர், பியானோ வியாபாரி, மகளுடைய கச்சேரிகளை ஏற்பாடு செய்தவரும் அவரே. எந்த ஊர், எந்த நாள், என்ன உருப்படி, எவ்வளவு வசூல் என்பதற்கெல்லாம் அது அருமையான ஆதாரம், அந்த விஷயத்தில் கறாரான மனிதர். கைதட்டல் எப்படி இருந்தது, குழந்தைக்கு என்ன தோன்றியது என்பதற்கு அதை நம்பினால் வீக்கின் கருத்தைக் கிளாராவின் வாயில் வைத்துவிடுவோம். உங்கள் குறிப்பில் போடுவதானால் தந்தை எழுதிய நாட்குறிப்பு என்று ஒரு சொல் சேருங்கள், போதும்.

சொக்கன்

விமர்சகர் மட்டும் நேர்மையானவரா? அதே லைப்சிக், எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்.

தி. மாலதி

நியாயமான கேள்வி. 1828 விமர்சனத்தில் பாதி அப்பாவின் கற்பிக்கும் திறமையைப் பற்றியது என்பதை நானும் கவனித்திருக்கிறேன். அதனால்தான் விமர்சனத்தில் தீர்ப்பை ஒதுக்கிவிட்டு, போகிற போக்கில் சொன்ன விவரங்களை எடுப்பேன். கூட யார் வாசித்தார், எந்த வரிசை, கூட்டம் இருந்ததா, எது இரண்டாம் முறை கேட்கப்பட்டது. புகழவோ திட்டவோ நினைப்பவர் இந்த மாதிரி விவரத்தில் பொய் சொல்லக் காரணம் குறைவு.

வியன்னா இதற்கு நல்ல இடம். 1838 ஜனவரி 7 கச்சேரியில் கிளாரா பேத்தோவனின் அப்பாஷியோனாட்டா சொனாட்டாவை வாசித்தார். இரண்டே நாளில் அந்த வாசிப்பைப் பற்றிக் கவிஞர் கிரில்பார்ட்சர் எழுதிய கவிதை அங்கே ஒரு இதழில் வெளிவந்தது. கவிதை விமர்சனம் இல்லை, ஆனாலும் அந்த உருப்படி உண்மையிலேயே வாசிக்கப்பட்டது, கேட்டவர்களை உலுக்கியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்த மார்ச் மாதமே அரசவைக் கலைஞர் பட்டமும் கிடைத்தது, பதினெட்டு வயதில், வெளியூர்க்காரர், புராட்டஸ்டண்ட், பெண். 1830 தாளையும் 1838 தாளையும் அருகருகே வைத்தால் ஹெர்ட்ஸும் கல்க்பிரென்னரும் இருந்த இடத்தில் பேத்தோவனும் பாகும் ஷோபனும் வந்திருப்பது தெரியும். எனக்கு அவருடைய கச்சேரி வாழ்க்கையில் முதல் நாளைவிட இந்த மாற்றம்தான் பெரிது.

பரணி, நீங்கள் தேடப் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. வியன்னாப் பத்திரிகைகள் ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் `ANNO` தளத்தில் இலவசமாக இருக்கின்றன. அந்தக் காலத்தில் முதல் பெயர் போடுவது குறைவு. `Clara Wieck` என்று மட்டும் தேடினால் பாதி நழுவிவிடும், `Dem. Wieck` என்றும் `Dlle. Wieck` என்றும் தேடுங்கள். 1840 செப்டம்பரில் திருமணம், அதற்குப் பிறகு `Schumann`. அப்புறமும் பியானோ வாசிக்கும் ஒரு வீக் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருப்பார். அது தங்கை மரீ வீக், 1832இல் பிறந்தவர். 1850களில் வீக் என்று பார்த்ததும் கிளாராவின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

ரஷ்யத் தேதியிலும் கவனம் தேவை. 1844இல் அங்கே சுற்றுப்பயணம் போனார். ரஷ்யாவில் அப்போது பழைய நாட்காட்டி, பன்னிரண்டு நாள் பின்தங்கியது. அங்கே மார்ச் 3 என்று அச்சிட்டிருந்தால் லைப்சிக் கணக்கில் மார்ச் 15. ஒரே கச்சேரியை இரண்டாக எண்ணிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது.

ராகமாலிகா

எங்கள் தாத்தாவின் நோட்டீஸில் இங்கிலீஷ் தேதியே இல்லை. "பார்த்திப வருஷம் தை மாதம் 20ந் தேதி சனிக்கிழமை மாலை" என்று இருக்கிறது. பார்த்திப வருஷம் 1945 என்று கூகுளில் வந்தது, வீட்டில் சொல்வதும் அதுவே. பாட்டு யார் என்ற இடம்தான் மடிப்பில் கிழிந்துவிட்டது. தாத்தா பெயர் கீழே தெளிவாக இருக்கிறது.

பரணி

இது எனக்கு. பார்த்திப 1945 ஏப்ரலில் தொடங்கி 1946 ஏப்ரலில் முடிகிறது. தை அதன் பின்பகுதி, ஆகவே 1946. தை 1ஐ ஜனவரி 14 என்று வைத்தால் தை 20 பிப்ரவரி 2. `cal 2 1946` சனிக்கிழமை என்கிறது. 1945 பிப்ரவரி 2 வெள்ளி. கிழமை நோட்டீஸோடு சேர்வது 1946தான்.

தி. மாலதி

அருமை பரணி. கிழமை இல்லாவிட்டால் பஞ்சாங்க வித்தியாசத்தால் ஒரு நாள் முன்பின் சந்தேகம் இருந்திருக்கும்.

ராகமாலிகா, முதல் கச்சேரி என்று வீட்டில் சொல்வதை இந்தத் தாள் உறுதி செய்யாது. அந்த நாளில் வாசிக்க ஏற்பாடாகியிருந்தது என்பது வரை சொல்லும். நோட்டீஸில் உங்கள் தாத்தா பெயருக்கு முன்னால் ஏதாவது அடைமொழி இருக்கிறதா, யாருடைய சிஷ்யர் என்று போட்டிருக்கிறார்களா பாருங்கள். ஏற்கெனவே பெயர் தெரிந்த வித்வானுக்குப் போடும் விதமும் புதிதாக வருகிறவருக்குப் போடும் விதமும் வேறு. பாடகர் பெயருக்கு அந்த வாரத்துச் சுதேசமித்திரனைத் தேடலாம், சபா விளம்பரம் கொடுத்திருந்தால் கிடைக்கும். சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்திலும் கேளுங்கள், அவர்கள் பழைய நோட்டீஸ்களையும் சேர்க்கிறவர்கள்.

ராகமாலிகா

பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர் மட்டும் இருக்கிறது, மிருதங்கக்காரருக்கு "வித்வான்" என்று போட்டிருக்கிறார்கள், தாத்தாவுக்கு அது இல்லை.

தி. மாலதி

அது ஒரு குறி. ஒன்றிரண்டு வருடம் தள்ளி அதே சபாவின் இன்னொரு நோட்டீஸ் கிடைத்து, அதில் வித்வான் என்று வந்திருந்தால் உங்கள் வீட்டுக் கதைக்கு வலு கூடும்.

கவின்

நான் இப்படி எழுதுவதாக இருக்கிறேன்: "1828 அக்டோபர் 20 அன்று, ஒன்பது வயதில், லைப்சிக் கெவாண்ட்ஹவுஸில் வேறொரு கலைஞரின் கச்சேரியில் நான்கு கை உருப்படி ஒன்றை வாசித்து முதன்முதலாகப் பொதுமேடை ஏறினார். 1830 நவம்பர் 8 அன்று அதே அரங்கில் தன் பெயரில் முதல் கச்சேரியை நடத்தினார்."

சொக்கன்

இரண்டாவது வாக்கியம் போதும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். முதல் வாக்கியத்தை விடமாட்டீர்கள் என்றால் எமிலி ரைஹோல்ட் பெயரையாவது போடுங்கள். பாதி வாசித்தவர் அவர்.

கவின்

போடுகிறேன் சார். பெர்த்தாலர் பெயரையும் சேர்த்தே.